சீட்டில் வந்த தலைப்பில் இரண்டு நிமிடம் பேசுவது எப்படி: ‘சொல், காட்டு, முடி’ முறைக்கு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் பேசிப் பழகும் சிறு குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், வேலைக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் தலைப்பைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எந்த வரிசையில் பேச வேண்டுமோ அதே வரிசையில் யோசிக்கவும் செய்கிறார்கள். முதல் வாக்கியம் என்ன என்று தேடித் தேடியே அந்த ஒரு நிமிடம் தீர்ந்துவிடுகிறது. எழுந்து நிற்கும்போது கையில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

இங்கே சொல்லப்போகும் முறையில் மூன்று பகுதிகள் உண்டு: சொல், காட்டு, முடி. பேசும்போது இதே வரிசை. யோசிக்கும்போது வரிசை வேறு: முதலில் ‘காட்டு’, அடுத்து ‘முடி’, கடைசியில்தான் ‘சொல்’. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசை மாற்றத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன.

## 1. போவதற்கு முன்: விதியும் வேகமும்

எங்கே பேசப்போகிறீர்களோ அங்கே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். யோசிக்க நேரம் உண்டா? எத்தனை நிமிடம் பேச வேண்டும்?

இடத்துக்கு இடம் இது மாறும். மேடைப் பேச்சுப் பழகுகிறவர்கள் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்களில் தலைப்பைச் சொன்ன உடனேயே பேச ஆரம்பிக்க வேண்டும். அவர்களுடைய திடீர்ப் பேச்சுப் போட்டியில் ஒரு நிமிடம் ஆனதும் பச்சை, ஒன்றரை நிமிடத்தில் மஞ்சள், இரண்டு நிமிடத்தில் சிவப்பு என்று அடையாளம் காட்டுவார்கள். ஒரு நிமிடத்துக்குக் குறைவாகப் பேசினாலும், இரண்டரை நிமிடத்தைத் தாண்டினாலும் தகுதி போய்விடும். பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் விதியை நடத்துகிறவர்களே வைத்துக்கொள்வார்கள். சில இடங்களில் யோசிக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும், சில இடங்களில் ஒன்றும் கிடைக்காது.

இதைக் கேட்காமல் போகிறவர்கள் நீளத்தைத் தவறாகக் கணக்கிடுகிறார்கள். ஒன்றரை நிமிடத்தில் சொல்ல வேண்டிய சம்பவத்தை நாலு நிமிடத்துக்கு இழுத்துவிட்டு, மணி அடித்ததும் பாதியில் நிற்கிறார்கள்.

இரண்டாவது, உங்கள் வேகம். ஏதாவது ஒரு நாளிதழ்ச் செய்தியை எடுத்து, நண்பரிடம் சொல்வதுபோல ஒரு நிமிடம் சத்தமாகப் படித்து, எத்தனை சொற்கள் ஆயின என்று எண்ணுங்கள். எங்கள் குழுவில் நிதானமாகப் பேசுகிறவர்களுக்கு 80 முதல் 100 சொற்கள் வருகின்றன. அப்படியானால் இரண்டு நிமிடத்துக்கு 160 முதல் 200. ஆனால் நிறுத்தம், மூச்சு, யோசனை எல்லாம் சேரும் என்பதால் 150 சொற்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். 150 சொல் என்றால் ஒரே ஒரு சம்பவத்துக்குத்தான் இடம். இந்த எண்ணிக்கை மனதில் இருந்தால் மூன்று கருத்துகளை அடுக்க வேண்டும் என்ற ஆசை தானாகவே அடங்கும்.

## 2. முன்கூட்டியே தேவைப்படுவது: சம்பவக் கையிருப்பு

தலைப்பு என்ன வரும் என்று தெரியாது. ஆனால் நீங்கள் எந்த வாழ்க்கையிலிருந்து பேசப்போகிறீர்கள் என்பது தெரியும். அதனால் தயாரிக்க வேண்டியது தலைப்புகளை அல்ல, சம்பவங்களை.

ஒரு நோட்டில் ஆறேழு சம்பவங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு விவரம் போதும்: எந்த இடம், யார் இருந்தார்கள், அவர் சொன்ன ஒரு வரி என்ன, அதற்குப் பிறகு என்ன மாறியது. நாலாவது விவரம் இல்லாத சம்பவத்தை அடித்துவிடுங்கள். எதுவும் மாறாத சம்பவத்தைச் சொன்னால் கேட்கிறவர் “சரி, அப்புறம்?” என்று காத்திருப்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

சம்பவம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வத்தலக்குண்டு மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றபோது நடத்துநர் என்ன செய்தார், பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும்போது பாட்டி எந்தப் பழத்தைப் பறிக்காதே என்றார், பனி விழுந்த காலையில் கேரட் செடியைப் பார்த்துவிட்டு அப்பா ஏன் பேசாமல் உட்கார்ந்தார். இந்த அளவு போதும். உண்மையில், சிறிய சம்பவம்தான் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும். கல்யாணம், சாவு, விபத்து போன்றவற்றுக்கு முன்கதை தேவைப்படும், அந்த முன்கதையே நேரத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாய்விட்டுச் சொன்னால் தொண்டை அடைக்கும் சம்பவத்தைக் கையிருப்பில் வைக்காதீர்கள். எழுதி வைத்துப் பேசும் பேச்சில் அதைச் சமாளிக்கலாம். ஒரு நிமிட யோசனையில் எழுந்து நிற்கும்போது அது உங்கள் கட்டுப்பாட்டை மீறிப் போகும்.

## 3. எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம்

இரண்டு நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘சொல்’ பகுதிக்கு 15 முதல் 20 விநாடி: தலைப்பைப் பற்றி உங்கள் கருத்து, ஒன்று அல்லது இரண்டு வாக்கியம். ‘காட்டு’ பகுதிக்கு 70 முதல் 75 விநாடி: அந்தக் கருத்தைக் கண் முன்னால் நிறுத்தும் ஒரே ஒரு சம்பவம். ‘முடி’ பகுதிக்கு 25 முதல் 30 விநாடி: அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று, கேட்கிறவர் எதைச் செய்யலாம் அல்லது எதை வேறுவிதமாகப் பார்க்கலாம்.

நடுப்பகுதி ஏன் இவ்வளவு பெரிது? கருத்தை நீட்ட நீட்டப் புதுச் சொற்களைத் தேட வேண்டியிருக்கும். தேடும்போதுதான் திக்கும். நடந்ததைச் சொல்லும்போது தேட வேண்டியதில்லை, அடுத்து என்ன நடந்தது என்று நினைவு தானாக எடுத்துக்கொடுக்கும்.

## 4. சீட்டைப் பிரித்ததும்: முதல் பத்து விநாடி

தலைப்பை இரண்டு முறை படியுங்கள். ஒரு முறை படித்துவிட்டு மடித்துவிடுகிறவர்கள் பாதித் தலைப்பைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். ‘பூட்டிய கடை’ என்று வந்திருக்கும், அவர்கள் பூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

படித்ததும், இது பொருளா, குணமா, கேள்வியா என்று மட்டும் பாருங்கள். ‘பூட்டு’, ‘குடை’ என்று வந்தால் பொருள். ‘பொறுமை’, ‘நன்றி’ என்று வந்தால் குணம். ‘சுற்றுலா வரமா, சாபமா?’ என்று வந்தால் கேள்வி. சம்பவத்தைத் தேடும் வழி இந்த மூன்றுக்கும் வேறு வேறு. அதனால்தான் இதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

## 5. முதலில் சம்பவத்தைப் பிடியுங்கள்: அடுத்த இருபத்தைந்து விநாடி

பொருள் வந்தால், “இது எங்கள் வீட்டுக்குள் எப்போது வந்தது, வந்த பிறகு யாருக்கு என்ன மாறியது?” என்று உங்களையே கேளுங்கள். குணம் வந்தால், “இந்தச் சொல்லைக் கேட்டதும் யார் முகம் நினைவுக்கு வருகிறது, அவர் அன்று என்ன செய்தார்?” என்று கேளுங்கள். கேள்வி வந்தால், “இதனால் நேரடியாக லாபமோ நஷ்டமோ அடைந்த ஒருவரை எனக்குத் தெரியுமா?” என்று கேளுங்கள்.

முதலில் தோன்றும் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்லது கிடைக்குமா என்று தேடுவது பெரிய பொறி. இரண்டாவதைத் தேடும்போது முதலாவது மங்கிவிடும், கடைசியில் இரண்டும் அரைகுறையாக நிற்கும். நோட்டில் எழுதிய நாலு விவரமும் இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். இருந்தால் அதுதான் உங்கள் சம்பவம்.

இந்த இடத்தில் புதியவர்கள் அதிகமாகச் செய்வது, சம்பவத்துக்குப் பதிலாகத் தகவலைப் பிடிப்பது. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால், ‘பூட்டு’ என்று சீட்டு வந்தால் எங்கள் குழுவில் யாரும் முதலில் போவது திண்டுக்கல் பூட்டுக்குத்தான். “பூட்டு என்பது பாதுகாப்பின் அடையாளம். திண்டுக்கல் பூட்டு உலகப் புகழ் பெற்றது. அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு போன்ற பல வகைகள் உண்டு.” எல்லாம் உண்மைதான். ஆனால் இருபது விநாடியில் தகவல் தீர்ந்துவிடும். மீதி நேரம் முழுக்க “ஆகவே பூட்டு நம் வாழ்வில் முக்கியமானது” என்பதையே வேறு வேறு விதமாகச் சொல்ல வேண்டியதாகிவிடும்.

தகவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தகவல், அதுவும் சம்பவத்துக்குள் ஒரு பொருளாக வந்தால் போதும். அப்பா வாங்கி வந்த பூட்டு திண்டுக்கல் பூட்டாக இருக்கலாம். பேச்சு அந்தப் பூட்டைப் பற்றியதாக இருக்கட்டும், பூட்டுத் தொழிலைப் பற்றியதாக வேண்டாம்.

## 6. அடுத்து, கடைசி வாக்கியம்: பதினைந்து விநாடி

முதல் வாக்கியத்துக்கு முன்னால் கடைசி வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று தெரிந்தவர் பஸ்ஸில் பதறாமல் உட்கார்ந்திருப்பார், பேச்சும் அப்படித்தான். முடிவு தெரிந்திருந்தால் நடுவில் ஒரு விவரம் விட்டுப்போனாலும் பயம் வராது.

கடைசி வாக்கியத்தை, சம்பவத்தின் நாலாவது விவரமான ‘என்ன மாறியது’ என்பதிலிருந்து எடுங்கள். அதில் தலைப்புச் சொல் இருக்க வேண்டும். கேட்கிறவர் கையால் செய்யக்கூடிய ஒரு செயலோ, கண்ணால் காணக்கூடிய ஒரு பொருளோ இருந்தால் இன்னும் நல்லது. “நாம் அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்” என்ற வாக்கியத்தை எந்தத் தலைப்புக்கும் போடலாம். எந்தத் தலைப்புக்கும் பொருந்துவது இந்தத் தலைப்புக்கு முடிவாக இருக்க முடியாது. உங்கள் கடைசி வாக்கியத்தைச் சோதிக்க இந்த ஒரு கேள்வி போதும்: தலைப்பை ‘பூட்டு’ என்பதிலிருந்து ‘நேரம்’ என்று மாற்றினாலும் இந்த வாக்கியம் நிற்குமா? நின்றால் தூக்கிப்போடுங்கள்.

மனப்பாடமான மேற்கோளைக் கடைசியில் வைப்பதும் இதே வகைத் தவறு. மேற்கோள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது வந்ததும் குரல் ஒப்பிக்கும் குரலாக மாறிவிடும். அதுவரை உங்களோடு வந்தவர்கள் அங்கே இறங்கிவிடுவார்கள்.

## 7. கடைசியாக முதல் வாக்கியம்: மீதிப் பத்து விநாடி

இப்போது சம்பவமும் தெரியும், முடிவும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, “அப்படியானால் இந்தத் தலைப்பைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன்?” என்று கேட்டால் முதல் வாக்கியம் தானாக வந்துவிடும். நேரடியாகத் தேடியிருந்தால் “பூட்டு என்பது…” என்ற விளக்கம்தான் கிடைத்திருக்கும்.

இந்த வாக்கியத்தில் யாராவது “அப்படியா?” என்று கேட்கும்படி ஒரு கருத்து இருக்க வேண்டும். எவரும் மறுக்க முடியாத வாக்கியத்தில் கருத்து எதுவும் இல்லை. முடிந்தவரை பன்னிரண்டு சொல்லுக்குள் வையுங்கள். பதற்றத்தில் நீளமான வாக்கியத்தின் எழுவாய் ஒரு பக்கமும் வினைமுற்று ஒரு பக்கமும் போகும்.

## 8. ஒரு தலைப்பு, முழுவதுமாக

எங்கள் குழுவுக்குப் பூம்பாறையிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவிக்கு ‘பூட்டு’ என்ற சீட்டு வந்தது. முதலில் அவரும் திண்டுக்கல் பூட்டிலிருந்து ஆரம்பித்து அரை நிமிடத்தில் நின்றுவிட்டார். மறுபடி அதே தலைப்பில், யோசிக்கும் வரிசையை மாற்றிப் பேசச் சொன்னோம்.

சீட்டு ஒரு பொருள். “பூட்டு எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தது?” மாடி அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டபோது. “யாருக்கு என்ன மாறியது?” பக்கத்து வீட்டு அத்தைக்கு. அவர் சொன்ன வரி நினைவிருந்தது. கடைசியில் என்ன மாறியது என்பதும் நினைவிருந்தது: ஒரு சாவி இடம் மாறியது. அதுவே கடைசி வாக்கியம் ஆயிற்று. அதிலிருந்து முதல் வாக்கியம் வந்தது. அவர் பேசியது ஏறக்குறைய இப்படி:

“வணக்கம். பூட்டு வாங்குவது சுலபம், சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கஷ்டம்.

“எங்கள் வீடு பூம்பாறையில் இருக்கிறது. போன வருடம் வரை எங்கள் வாசல் கதவுக்குப் பூட்டே கிடையாது. தோட்டத்துக்குப் போகும்போது அம்மா கதவைச் சாத்தி நாதாங்கியை மாட்டிவிட்டுப் போவார். அப்புறம் மாடி அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்தோம். அன்றைக்கே அப்பா திண்டுக்கல்லிலிருந்து ஒரு பூட்டு வாங்கி வந்தார். கையில் எடுத்தால் கனக்கும். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அத்தை மண்வெட்டி எடுக்க வந்திருக்கிறார். எங்கள் மண்வெட்டி கதவுக்குப் பின்னால் இருக்கும். அவரே எடுத்துப் போவார், அவரே கொண்டுவந்து வைப்பார். அன்று பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் குழாயடியில் என்னைப் பார்த்து, ‘ஏம்மா, பூட்டு வெளியூர்க்காரங்களுக்கு மட்டுமா, எங்களுக்கும் சேர்த்தா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

“வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். இன்றைக்கும் அது அத்தை வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. நீங்கள் புதுப் பூட்டு வாங்கினால், இரண்டாவது சாவி எந்த வீட்டு ஆணியில் தொங்கும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.”

நிறுத்தங்களோடு பேசும்போது இது ஒன்றரை நிமிடத்தைத் தாண்டியது. இதில் எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். அறைக்கு எவ்வளவு வாடகை, எத்தனை பேர் வந்தார்கள், பூட்டு என்ன விலை, அத்தை என்ன உறவு, எதுவும் இல்லை. மண்வெட்டி எங்கே இருக்கும் என்பது மட்டும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அத்தை ஏன் புண்பட்டார் என்பது புரியாது. எந்த விவரத்தை வைப்பது, எதை விடுவது என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இப்படித்தான் முடிவு செய்ய வேண்டும்: கடைசி வாக்கியம் புரிய இந்த விவரம் வேண்டுமா?

அத்தையின் வரியைப் பேச்சுத் தமிழிலேயே சொன்னதையும் கவனியுங்கள். “பூட்டு வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமா என்று அவர் வினவினார்” என்று சொல்லியிருந்தால் அத்தை அங்கே இருந்திருக்க மாட்டார். புதியவர்கள் பலர் மேடைத் தமிழில் ஆரம்பித்து, மூன்றாவது வாக்கியத்தில் அதைத் தாங்க முடியாமல் விழுகிறார்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் கொஞ்சம் சீரான தமிழில் வையுங்கள். நடுவில் வீட்டில் பேசுவதுபோலப் பேசுங்கள், மனிதர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே விடுங்கள். கன்னடமோ மலையாளமோ வீட்டு மொழியாக உள்ளவர்களுக்கும் இது உதவுகிறது. அவர்களுக்குச் சிரமம் தருவது மேடைத் தமிழ்தான், கதை சொல்லும் தமிழ் இல்லை.

## 9. எழுந்து நின்ற பின்

சீட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்திருங்கள். கொடைக்கானல் மாலைக் குளிரில் கை இயல்பாகவே விறைத்திருக்கும், மெல்லிய காகிதம் அந்த நடுக்கத்தைப் பெரிதாகக் காட்டும். நடுங்கும் காகிதத்தை நீங்களே பார்த்துவிட்டால் பதற்றம் இரட்டிப்பாகும்.

வணக்கத்துக்கு ஒரு சொல் போதும். “அவையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, என் சக போட்டியாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு…” என்று போனால் பதினைந்து, இருபது விநாடி காலி. பத்து நிமிடப் பேச்சில் அது பெரிதாகத் தெரியாது. இரண்டு நிமிடத்தில் அது ஆறில் ஒரு பங்கு. அதோடு, மனப்பாடமான வரிகள் வேகமாக ஓடும். அந்த வேகத்திலேயே உங்கள் முதல் வாக்கியமும் ஓடி, யார் காதிலும் விழாமல் போய்விடும். போட்டியில் அவை வணக்கம் கட்டாயம் என்றால் இரண்டே பெயரோடு நிறுத்துங்கள்.

முதல் வாக்கியத்தைச் சொன்னதும் ஒரு மூச்சு விடும் நேரம் நில்லுங்கள். கேட்கிறவருக்கு அது கருத்தை வாங்கிக்கொள்ளும் நேரம். உங்களுக்கோ, சம்பவம் நடந்த இடத்துக்கு மனதால் போய்ச் சேரும் நேரம்.

தகரக் கூரை உள்ள கூடத்தில் பேசும்போது மழை பிடித்துவிட்டால் கத்தாதீர்கள். கத்தினால் சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வாக்கியத்தைச் சிறிதாக்கி, கடைசி வரிசையைப் பார்த்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் முழுதாகச் சொல்லி முடியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், அந்தச் சொல் கரைந்துவிட்டால் வந்தாரா வரவில்லையா என்பதே தெரியாமல் போகும்.

## 10. நடுவில் நின்றுவிட்டால்

நின்றுபோவது எல்லோருக்கும் நடக்கும். விட்டுப்போனதைத் தேடிப் பின்னால் போவதுதான் தவறு. “இல்லை இல்லை, அதற்கு முன்னால் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்” என்று ஆரம்பித்தால் கேட்கிறவருக்கும் வழி தவறிவிடும்.

முன்னால் மட்டும் போங்கள். ‘சொல்’ பகுதியில் நின்றுவிட்டால் “ஒரு நாள் என்ன நடந்தது என்றால்” என்று சொல்லிச் சம்பவத்துக்குள் இறங்கிவிடுங்கள். ‘காட்டு’ பகுதியில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒரு பொருளைச் சொல்லுங்கள். கதவு, குழாயடி, மண்வெட்டி, எதுவானாலும் சரி. பொருளைச் சொன்னதும் பெரும்பாலும் அடுத்த நிகழ்ச்சி நினைவுக்கு வரும். வராவிட்டால் நேராகக் கடைசி வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். ஒரு நிமிடம் தாண்டியிருந்தால் அது முழுப் பேச்சாகவே கேட்கும்.

முடித்த பிறகு ஒட்டுப் போடாதீர்கள். கடைசி வாக்கியம் சொல்லி, “நன்றி” என்று சொல்லி, உட்காருங்கள். இன்னும் இருபது விநாடி மீதி இருக்கிறதே என்று இன்னொரு கருத்தைச் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் அதை முடிக்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

## 11. இந்த முறை தடுக்கும் இடங்கள்

பொது விவாதமாக வரும் தலைப்பில் ஒரு சம்பவம் சாட்சி ஆகும், நிரூபணம் ஆகாது. உதாரணமாக, ‘இ-பாஸ் தேவையா?’ என்று சீட்டு வருகிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரு வாடகைக் கார் ஓட்டுநருக்கு அதனால் சவாரி குறைந்திருக்கலாம். அவர் கதையைச் சொல்லுங்கள். ஆனால் “ஆகவே இ-பாஸ் தோல்வி” என்று முடிக்காதீர்கள். அதே கூடத்தில், நெரிசல் குறைந்ததால் ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்ததைப் பார்த்தவர் இருக்கலாம். “இந்த விதியை மாற்றி எழுதுகிறவர்கள் இவரைப் போன்றவர்களிடமும் கேட்க வேண்டும்” என்பது அந்தச் சம்பவம் தாங்கக்கூடிய முடிவு. கருத்தில் ஒரு பக்கம் நில்லுங்கள், சம்பவம் எவ்வளவு எடையைத் தாங்குமோ அவ்வளவே ஏற்றுங்கள்.

அடுத்தது, அறவே தெரியாத தலைப்பு. ‘கிரிப்டோ நாணயம்’ என்று வந்து, உங்களுக்கு அதில் ஒன்றும் தெரியாவிட்டால், தெரிந்ததுபோலப் பேசாதீர்கள். “எனக்கு இதைப் பற்றிக் கேள்விப்பட்டது மட்டும்தான் தெரியும். கண்ணால் பார்க்காத பணத்தை நம்புவது எப்படி என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்” என்று ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பொருளுக்கு வாருங்கள். அங்கிருந்து அம்மாவின் சீட்டுப் பணக் கதையைச் சொல்லலாம். இந்தத் தாவல் ஒரு முறைதான். கடைசி வாக்கியத்தில் தலைப்புச் சொல் திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் தலைப்பை விட்டு விலகியதாக நடுவர் மதிப்பெண் குறைப்பார். குறைப்பது நியாயமும்கூட.

பழமொழி தலைப்பாக வந்தால் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அது பொய்த்துப்போன ஒரு நாளையோ, உண்மையான ஒரு நாளையோ சொல்லுங்கள்.

## 12. பழகும் முறை

புதுப்புதுத் தலைப்பாக எடுத்துப் பேசிக்கொண்டே போவதைவிட, ஒரே சம்பவத்தை மூன்று தலைப்புகளுக்குத் திருப்பிப் பழகுவது வேகமாகப் பலன் தருகிறது. மேலே சொன்ன பூட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பக்கத்து வீடு’ என்ற தலைப்புக்கு அது அத்தையின் கேள்வியோடு நிற்கலாம். ‘வருமானம்’ என்ற தலைப்புக்கு, மாடி அறை வாடகை வந்தபோது கூடவே எது போனது என்று திரும்பலாம். ‘மன்னிப்பு’ என்ற தலைப்புக்கு, ஒரு சொல்கூடப் பேசாமல் சாவியை நீட்டிய அம்மாவிடம் முடியலாம். சம்பவம் மாறவில்லை, கடைசி வாக்கியம் மாறுகிறது, அதனால் முதல் வாக்கியமும் மாறுகிறது. இப்படித் திருப்பிப் பழகினால் ஆறேழு சம்பவம் எத்தனையோ தலைப்புகளுக்குப் போதும்.

தனியாகப் பழகுகிறவர்கள் போனில் பதிவு செய்யுங்கள். முழுப் பேச்சையும் திரும்பக் கேட்டால் சொந்தக் குரலே சங்கடமாகிப் பதிவதையே விட்டுவிடுவீர்கள். முதல் பதினைந்து விநாடியையும் கடைசி இருபது விநாடியையும் மட்டும் கேளுங்கள். முதலாவதில் கருத்து காதில் விழுகிறதா? கடைசியில் தலைப்புச் சொல் இருக்கிறதா, அதற்குப் பிறகு வால் எதுவும் நீள்கிறதா? இந்த இரண்டும் சரியானால் நடுப்பகுதி தானே ஒழுங்குக்கு வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிமிட யோசனையோடு சரளமாக வந்த பிறகு அதை அரை நிமிடமாகக் குறையுங்கள், அப்புறம் பத்து விநாடியாக. பத்து விநாடியில் மூன்றையும் யோசிக்க முடியாது. அப்போது சம்பவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். முதல் வாக்கியமாகச் சம்பவம் நடந்த இடத்தைச் சொல்லி ஆரம்பித்து, கடைசி வாக்கியத்தைப் பேசிக்கொண்டே தேடலாம். பேச்சில் ‘சொல்’ பகுதி விட்டுப்போனாலும் சமாளித்துக்கொள்ளலாம், ‘காட்டு’ பகுதி இருந்தால்.